தழைப் பந்தலும் குழாய்க் குடிலும்

ஜவ்வாது மலையில் நாற்றுக்கு நிழல் வேண்டுமென்றால் அன்று மூங்கில் வெட்டினார்கள். கவைக்கால் நட்டு, குறுக்கே கழி வைத்து, நாரால் இறுக்கி, மேலே தழை பரப்பினால் பந்தல் ஆயிற்று. காசு செலவில்லை. ஆனால் கறையானும் ஈரமும் இரண்டு மூன்று ஆண்டில் கால்களைத் தின்றுவிடும். அடைமழையில் கூரை ஒழுகி நாற்று அழுகும்.

இன்று போளூரிலிருந்தோ திருப்பத்தூரிலிருந்தோ ஜமுனாமரத்தூருக்கு ஏறும் வண்டியில் பிவிசி குழாய் வருகிறது. 12 அடி அகலம், 24 அடி நீளக் குடிலுக்கு வளைவுகளாக மட்டும் 20 அடி நீளமுள்ள ஒரு அங்குலக் குழாய் ஏழு போதும். நாலு அடிக்கு ஒரு வளைவாக இருபுறமும் முறுக்குக் கம்பிகளை ஆழமாக அடித்து, அவற்றின் மேல் குழாயின் இரு முனைகளையும் செருகினால் நடுவில் ஆறரை அடி உயரம் கிடைக்கும். மேலே புற ஊதாக் கதிரைத் தாங்கும் 200 மைக்ரான் தாள். மழை நாற்றின் மேல் விழுவதில்லை.

பந்தலின் இடுக்குகளில் காற்று புகுந்து போய்விடும். தாளோ காற்றை மறிக்கிறது. மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் வரும் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 24 கிலோ. வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்கு. வளைந்த கூரையின் மேல் ஓடும் காற்று குடிலை மேலே இழுக்கும். 27 சதுர மீட்டர் குடிலில் அந்த இழுப்பு சில நூறு கிலோவை எட்டலாம். குழாயும் தாளும் சேர்ந்தால் ஐம்பது கிலோ அளவுதான். ஆகவே குடிலைக் காப்பது அதன் எடையல்ல, மண்ணில் உள்ள பிடி. தாளின் ஓரத்தை ஓரடிப் பள்ளத்தில் இறக்கி மண் மூடி மிதிக்கிறார்கள். வளைவுகளுக்கு இடையே தாளின் மேல் கயிறு போட்டு முளையில் கட்டுகிறார்கள்.

இணைப்புகளிலும் கவனம் வேண்டும். முகட்டில் வளைவை வெட்டி நாற்புற இணைப்பைச் செருகினால், காற்றில் ஆடும்போது விசை முழுதும் அதன் விளிம்பில் குவியும். மெல்லிய வெள்ளைக் கோடாக முதல் விரிசல் அங்கேதான் தெரியும். வளைவை வெட்டாமல், முகட்டுக் குழாயை அதன் அடியில் வைத்துக் கட்டுவதே நல்லது. இணைப்புகள் வாசல் சட்டத்துக்குப் போதும். கோடி வளைவுகளில் மூலைவிட்டமாக ஒரு குழாய் கட்டாவிட்டால் குடில் வரிசையாகச் சாயும். வெயிலில் சூடேறிய பிவிசி, தன்னைத் தொடும் தாளை நைய வைக்கும். அதனால் குழாய்க்கு வெள்ளை வண்ணம் பூசுகிறார்கள்.

இத்தனை செய்தாலும் புயலுக்கு இது ஈடாகாது. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல், உள்ளே திருவண்ணாமலை மாவட்டத்தையும் நனைத்தது. அப்படிப்பட்ட புயலுக்கு எச்சரிக்கை வந்தால் தாளைக் கழற்றிச் சுருட்டிவிட வேண்டும், சட்டம் மிஞ்சும். அன்று பந்தல் சரிந்தால் காட்டிலிருந்து கழி வந்தது; இன்று குழாய் உடைந்தால் கடைக்கு இறங்க வேண்டும். மழையிலிருந்து நாற்று தப்பியது. காற்றைக் கவனிக்கும் வேலை உழவருக்குக் கூடியது.