நகராத பங்கில் முடங்கும் பணம்

2013 ஜூலையில் ஐடிசி பங்கு பலருக்கும் பிடித்தமான பங்காக இருந்தது. பின்னால் வந்த போனஸ் பங்குகளுக்கு ஏற்பச் சரிசெய்து பார்த்தால் அன்றைய விலை சுமார் 230 ரூபாய். எட்டு ஆண்டுகள் கழித்து, 2021 ஜூலையில் அது 205 ரூபாய் அளவில் நின்றது. நடுவில் 2017இல் 350 வரை ஏறியது. சிகரெட் மீதான செஸ் வரி கூடியதும் ஒரே நாளில் 12 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. 2020 மார்ச்சில் 150க்கும் கீழே போய் மீண்டது. இத்தனை அலைச்சலுக்குப் பிறகும் புறப்பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது. அந்த எட்டு ஆண்டுகளில் நிஃப்டி 5,750க்கு அருகிலிருந்து 15,750ஐத் தாண்டியிருந்தது.

ஒரு லட்சம் ரூபாய்க்கு ஐடிசி வாங்கியவரிடம் 2021இல் சுமார் 89,000 ரூபாய் மதிப்புள்ள பங்குகள் இருந்தன. டிவிடெண்டாக ஏறக்குறைய 20,000 ரூபாய் வந்திருக்கும். அதே ஒரு லட்சம் நிஃப்டி ஃபண்டில் இருந்திருந்தால் 2.7 லட்சத்துக்கு மேல் ஆகியிருக்கும். கம்பெனி திவாலாகவில்லை, மோசடி எதுவும் நடக்கவில்லை, யாரும் ஏமாற்றவும் இல்லை. ஆனாலும் அந்த ஆளுக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் போயிற்று. எந்தக் கணக்கு அறிக்கையிலும் அது சிவப்பு எழுத்தில் வராததால் போனது தெரியவில்லை. பொருளியல் பாடத்தில் இதை வாய்ப்புச் செலவு என்பார்கள். ஓரிடத்தில் போட்ட பணம் வேறு இடத்தில் ஈட்டியிருக்கக்கூடிய வருமானமே அந்தச் செலவு.

‘பொறுத்தவர் பிறகு ஜெயித்தாரே’ என்று கேட்கலாம். உண்மைதான். 2022 முடிவில் ஐடிசி 330ஐத் தாண்டியது, 2023 ஜூலையில் 490ஐத் தொட்டது. ஆனால் அந்த மாதக் கடைசியில் நிஃப்டி 19,700க்கு மேல் இருந்தது. பத்தாண்டுக் கணக்கில் நிஃப்டி மூன்றரை மடங்கை நெருங்கியபோது, ஐடிசி டிவிடெண்டையும் சேர்த்து இரண்டரை மடங்குதான் ஆகியிருந்தது. இவ்வளவு பெரிய ஏற்றத்தாலும் இழந்த காலத்தை முழுசாக ஈடுகட்ட முடியவில்லை.

இருந்தாலும், கம்பெனியின் தொழிலை நம்பி வாங்கிய முதலீட்டாளரின் பொறுமையைக் குறை சொல்வது நியாயமில்லை. அந்த எட்டு ஆண்டுகளில் ஐடிசியின் ஆண்டு லாபம் சுமார் 7,400 கோடியிலிருந்து 13,000 கோடிக்கு உயர்ந்தது. அவர் வாங்கியதற்கான காரணம் உயிரோடுதான் இருந்தது. சந்தை அந்த லாபத்துக்குக் கொடுக்கத் தயாராக இருந்த விலைதான் குறைந்துகொண்டே வந்தது. இரண்டு வாரத்தில் பத்து சதவீதம் ஏறும் என்று வாங்கிவிட்டு, ஏறாததால் எட்டு ஆண்டு உட்கார்ந்திருந்தவரின் நிலைமை வேறு. அவருடைய காரணம் முதல் மாதத்திலேயே காலாவதியாகிவிட்டது. அவரைப் போன்றவர்களுக்காகத்தான் டிரேடிங்கில் டைம் ஸ்டாப் என்ற பழக்கம் இருக்கிறது.

ஸ்டாப் லாஸ் எல்லாருக்கும் தெரியும். விலை இவ்வளவு இறங்கினால் விற்றுவிடுவது என்று முன்பே எழுதிவைக்கும் வரம்பு அது. டைம் ஸ்டாப்பில் அதே வரம்பை நாட்களில் எழுதுகிறார்கள். இத்தனை வர்த்தக நாட்களுக்குள் பங்கு எதிர்பார்த்த அளவு நகராவிட்டால், லாபமோ நஷ்டமோ, வெளியே வந்துவிட வேண்டும். விலை ஸ்டாப் லாஸைத் தொடாமலே, டார்கெட்டையும் எட்டாமலே நடுவில் தொங்கும் பொசிஷனுக்கு இதைத் தவிர வேறு கதவு கிடையாது.

ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஐந்து லட்சம் ரூபாய் வைத்திருக்கும் ஒரு ஸ்விங் டிரேடர், ஒரு பங்குக்கு ஒரு லட்சம் என்று ஐந்து பங்குகளில் பணத்தைப் பிரிக்கிறார். மூன்று மாதமாக 450க்கும 495க்கும் இடையில் சுற்றிக்கொண்டிருந்த பங்கு ஒன்று, வழக்கத்தைவிட மூன்று மடங்கு வால்யூமுடன் 495ஐ உடைத்து மேலே வருகிறது. அவர் 500 ரூபாயில் 200 பங்குகள் வாங்குகிறார். ஸ்டாப் லாஸ் 475, டார்கெட் 560. தோற்றால் 5,000 போகும், ஜெயித்தால் 12,000 வரும்.

இந்த பிரேக் அவுட்டின் பின்னால் ஓர் ஊகம் இருக்கிறது. பெரிய கைகள் வாங்கத் தொடங்கிவிட்டன, இனி விற்பவர்கள் குறைவு, ஆகவே விலை சீக்கிரம் ஓடும் என்பதே அது. ‘சீக்கிரம்’ என்பது அந்த ஊகத்தின் பாதி. பதினைந்து வர்த்தக நாட்கள் போகின்றன. விலை 494க்கும் 508க்கும் இடையில் ஊசலாடி இன்று 503இல் நிற்கிறது. வால்யூம் பழைய அளவுக்கே சுருங்கிவிட்டது. ஸ்டாப் லாஸ் தொடப்படவில்லை, திரையில் 600 ரூபாய் லாபம் பச்சையில் தெரிகிறது. ஆனால் ஓடும் என்று சொன்ன ஊகம் பொய்த்துவிட்டது. வாங்கவும் விற்கவும் 0.1 சதவீதம் வீதம் எஸ்டிடி, முத்திரை வரி, டீமேட் கட்டணம் எல்லாம் போனால் கையில் 350 ரூபாய் போல மிஞ்சும்.

இப்போது காத்திருப்பதன் விலையைப் பார்க்கலாம். அவருடைய டைரியில் கடைசி 50 டிரேடுகள் இருக்கின்றன. ஜெயித்தவை, தோற்றவை, செலவுகள் அனைத்தையும் கூட்டிக் கழித்தால் ஒரு டிரேடுக்குச் சராசரியாக 800 ரூபாய் நிற்கிறது. ஒரு டிரேடு சராசரியாகப் பத்து வர்த்தக நாள் ஓடுகிறது. அப்படியானால் ஒரு லட்சம் ரூபாயின் பத்து நாள் மதிப்பு அவருக்கு 800 ரூபாய். இந்தப் பங்கை இன்னும் 60 வர்த்தக நாள் வைத்திருந்தால் ஆறு சுற்றுகளை, அதாவது 4,800 ரூபாயை விடுகிறார். அதை ஈடுகட்டவே பங்கு 503இலிருந்து 527க்குப் போயாக வேண்டும். ஐந்தில் இரண்டு பங்குகள் இப்படி மாட்டிக்கொண்டால் மூலதனத்தில் நாற்பது சதவீதம் தூங்குகிறது. புது வாய்ப்பு வரும் நாளில் கையில் பணம் இருக்காது.

பணம் இல்லாத அந்த நாளில்தான் பலர் அடுத்த தவறைச் செய்கிறார்கள். தேங்கிய பங்கை விற்காமல், புரோக்கர் தரும் எம்டிஎஃப் கடனில் புதுப் பங்கை வாங்குகிறார்கள். ஆண்டுக்கு 15 சதவீத வட்டி என்று வைத்தால் ஒரு லட்சத்துக்கு நாளொன்றுக்கு 41 ரூபாய், விடுமுறை நாட்களுக்கும் சேர்த்து. அறுபது நாளில் அது 2,400 ரூபாயைத் தாண்டும். விற்பனையாகாத சரக்கை அலமாரியில் வைத்துக்கொண்டு, விற்கிற சரக்கை வட்டிக்கு வாங்கி வைக்கும் கடைக்காரரின் நிலைமைதான் இது.

சரி, எத்தனை நாள்? இதற்குப் பொதுவான எண் எதுவும் இல்லை. பதினைந்து நிமிட சார்ட்டைப் பார்த்து வாங்குபவருக்கு ஒரு மணி நேரமே அதிகம், வார சார்ட்டைப் பார்ப்பவருக்குச் சில மாதங்கள் வேண்டும். விடை சொந்த டைரியில்தான் கிடைக்கும். நம் டிரேடர் தன்னுடைய ஜெயித்த டிரேடுகளை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றும் வாங்கிய எத்தனையாவது நாளில் முதன்முதலாக 2,500 ரூபாய் லாபம் காட்டியது என்று குறிக்கிறார். அது அவர் பணயம் வைக்கும் தொகையில் பாதி. ஜெயித்தவை 20 என்றால் அவற்றில் 17, எட்டு நாளுக்குள் அந்த இடத்தைத் தொட்டிருக்கின்றன. எட்டு நாள் வரை தொடாமல் பிறகு ஜெயித்தவை மூன்றே மூன்று. ஆகவே கொஞ்சம் இடம் விட்டுப் பத்து நாள் என்று வைக்கிறார். விதி இப்படி அமைகிறது: பத்தாவது வர்த்தக நாள் சந்தை முடியும் வேளையில், அதுவரை ஒருமுறைகூட 2,500 ரூபாய் லாபம் காட்டாத பங்கு விற்கப்படும். நாளை மட்டும் வைத்து விற்றால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பங்கும் கையை விட்டுப் போகும், அதனால் நாளும் நகர்வும் சேர்ந்தே விதியில் வர வேண்டும்.

டைரியில் சராசரி கழித்தல் குறியில் வந்தால் இந்தக் கணக்கு முழுவதும் விழுந்துவிடும். விடுவிக்கும் பணம் அடுத்த டிரேடிலும் கரையப்போகிறது என்றால், அது தூங்குவதே மேல். அதேபோல, அடுத்து வாங்க எதுவும் இல்லாதபோது வாய்ப்புச் செலவு 800 ரூபாய் அல்ல. அந்தப் பத்து நாளில் லிக்விட் ஃபண்ட் தரும் இருநூறு ரூபாய் அளவிலான தொகைதான்.

இந்த விதியைக் காப்பாற்ற செயலிகள் பெரிதாக உதவுவதில்லை. பெரும்பாலான புரோக்கர்கள் தரும் ஜிடிடி ஆர்டர் விலைக்காகத்தான் காத்திருக்கும், தேதிக்காக அல்ல. எம்ஐஎஸ் முறையில் இன்ட்ராடே வாங்குபவர்களுக்கு மட்டும் மாலை 3.20 வாக்கில் புரோக்கரே பொசிஷனை முடித்துவிடுவார். டெலிவரி எடுப்பவர் வாங்கும் அன்றே தேதியைக் கணக்கிட்டு, காரணத்தோடு எழுதி, போனில் நினைவூட்டலும் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். வாங்கிய பிறகு முடிவுசெய்யும் தேதி நிற்காது. ‘ரிசல்ட் வரட்டும்’, ‘பட்ஜெட் முடியட்டும்’, ‘அசல் வந்ததும் வித்துடலாம்’ என்று அது தள்ளிக்கொண்டே போகும். சார்ட்டைப் பார்த்து வாங்கிய பங்கின் பேலன்ஸ் ஷீட்டை ஒருவர் முதல்முறையாகத் திறக்கிறார் என்றால், பெரும்பாலும் தேதி ஏற்கெனவே தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

நியாயமான விதிவிலக்கு ஒன்று உண்டு. அந்தப் பத்து நாளும் நிஃப்டியே ஒரு சதவீதத்துக்குள் அசைந்துகொண்டிருந்தால், பங்கு நகராததைப் பங்கின் குறையாகக் கொள்ள முடியாது. அப்படிப்பட்ட சந்தைக்கு இன்னும் ஐந்து நாள் தரலாம், அல்லது பாதியை விற்கலாம். எதுவானாலும் அதையும் முன்பே எழுதியிருக்க வேண்டும். நிஃப்டியும் அந்தத் துறையின் மற்றப் பங்குகளும் ஏறி, இது மட்டும் நின்றிருந்தால் பத்தாம் நாள்வரைகூடக் காத்திருக்கத் தேவையில்லை.

ஆப்ஷன் வாங்குபவருக்கு இதே விஷயம் இன்னும் கடுமையானது. பங்கு நகராவிட்டால் காலம் மட்டும்தான் வீணாகும், ஆப்ஷனில் பிரீமியமும் கரையும். காலாவதிக்குப் பத்து நாள் இருக்கையில், நிஃப்டி நிற்கும் இடத்திலேயே ஸ்ட்ரைக் உள்ள ஒரு ஆப்ஷனை 200 ரூபாய் பிரீமியத்தில் வாங்கினால், நிஃப்டி அசையாமலும் சந்தையின் பதற்றம் மாறாமலும் ஐந்து நாள் கழிந்தபோது அது ஏறக்குறைய 141 ரூபாய்க்கு இறங்கியிருக்கும். மிச்ச ஐந்து நாளில் முழுவதும் போய்விடும், அதிலும் கடைசி இரண்டு நாளில் வேகம் மிக அதிகம். அதனால் ஆப்ஷன் வாங்குபவர்களில் அனுபவசாலிகள் காலாவதித் தேதியைத் தங்கள் கெடுவாக வைப்பதில்லை. மீதமுள்ள நாட்களில் பாதி தீர்வதற்குள் எதிர்பார்த்த நகர்வு வராவிட்டால் வெளியேறுகிறார்கள்.

டைம் ஸ்டாப்பில் விற்ற பங்கு அடுத்த வாரமே ஓடிவிடுவதும் உண்டு. பழைய டைரிக் கணக்கில் பிந்தி ஜெயித்த அந்த மூன்று டிரேடுகள் இந்த வகைதான். 503இல் விற்ற பங்கு ஒரு மாதம் கழித்து மறுபடி வால்யூமோடு 508ஐ உடைத்தால், அதைப் புது டிரேடாக 510இல் வாங்கலாம். புது ஸ்டாப் லாஸ், புது டார்கெட், பத்து நாள் கெடு புதிதாக. பங்குக்கு ஏழு ரூபாய் கூடுதலாகக் கொடுத்ததும் இன்னொரு முறை கட்டிய எஸ்டிடியும் சேர்ந்து 1,600 ரூபாய் போலச் செலவாகும். இடைப்பட்ட அந்த ஒரு மாதத்தில் அந்த ஒரு லட்சம் வேறு இரண்டு டிரேடுகளில் இருந்திருக்கும். டைரியின் சராசரிப்படி அவற்றிலிருந்து வருவதும் அதே 1,600 ரூபாய்தான்.