பின்னணி மங்கட்டும், ஆள் ஒட்டாமல் நிற்கட்டும்

மொட்டைமாடியில் போனில் எடுத்த ஒரு படம். பட்டுப்புடவை கட்டி, மல்லிகை வைத்து, ஒரு கையை இடுப்பில் ஊன்றி நிற்கிறார் ஒரு பெண். அவருக்குப் பின்னால் கைப்பிடிச் சுவர், அதைத் தாண்டிப் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, அதற்கும் அப்பால் தென்னை. எல்லாம் ஒரே தெளிவில் இருப்பதால் முகத்துக்குப் போக வேண்டிய கண் தொட்டிக்குப் போகிறது. போன் கேமராவின் சென்சார் மிகச் சிறியது. லென்ஸின் குவியத்தூரமும் சில மில்லிமீட்டர்தான். அதனால் கிட்டே இருப்பதும் எட்ட இருப்பதும் சேர்ந்தே ஃபோகஸில் விழுகின்றன. பெரிய கேமராவில் தானாக வரும் மங்கலை இங்கே நாம்தான் சேர்க்க வேண்டும்.

சேர்ப்பது சுலபம். ஃபோட்டோஷாப்பில் Select Subject என்பதை அழுத்தினால் ஆள் மட்டும் தேர்வாகிவிடும், அதுதான் மாஸ்க். மிச்சமுள்ள இடத்துக்கு Gaussian Blur கொடுத்தால் பின்னணி மங்கிவிடும். ஆனால் அந்தப் பெண் தியேட்டர் வாசல் கட்அவுட் போல நிற்பார். உற்றுப் பார்த்தால் புடவையின் சிவப்பு விளிம்பைத் தாண்டி வானத்தில் கசிந்து, உடலைச் சுற்றி ஓர் ஒளிவட்டம் போலத் தெரியும். பக்கத்துப் புள்ளிகளின் நிறங்களைக் கலந்துதான் மங்கல் உண்டாகிறது. அந்தக் கலவையில் புடவையும் சேர்ந்துவிடுவதுதான் காரணம்.

இதைத் தவிர்க்க, மங்கலாக்கும் முன்பே பின்னணியிலிருந்து ஆளை எடுத்துவிட வேண்டும். படத்தை நகலெடுத்து, நகலில் தேர்வைச் சில புள்ளிகள் விரித்து, Content-Aware Fill கொண்டு அந்த இடத்தைச் சுவராலும் வானத்தாலும் நிரப்புங்கள். நிரப்பியது அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை, மங்கலில் மறைந்துவிடும். பாதத்துக்கு அருகில் மட்டும் தேர்வை விரிக்காதீர்கள். தரையில் விழுந்த நிழல் தரைக்குச் சொந்தம். அது அழிந்தால் ஆள் அந்தரத்தில் மிதப்பார். இந்த நகலை மங்கலாக்கி, அதன்மேல் மாஸ்க் போட்ட அசல் ஆளை வைக்கலாம்.

கட்அவுட் தோற்றத்துக்கு இதைவிடப் பெரிய காரணம் தரைதான். ஆள் நிற்கும் ஓடு தெளிவாகவும், நாலடி தள்ளியுள்ள ஓடு லேசாகவும், சுவரோரம் இன்னும் அதிகமாகவும் மங்க வேண்டும். பாதத்தை ஒட்டியே முழு மங்கல் தொடங்கினால் கண் உடனே பொய்யைக் கண்டுபிடித்துவிடும். இதற்கு Lens Blur உதவும். ஒரு ஆல்ஃபா சேனலில் தூரத்தைக் கறுப்பு வெள்ளையாக வரைந்து அதற்குக் கொடுத்து, Blur Focal Distance என்பதை 0-இல் வைத்தால், கறுப்பு தெளிவாக இருக்கும், வெள்ளை முழுதாக மங்கும், சாம்பல் நடுவாந்தரமாக மங்கும்.

எவ்வளவு சாம்பல்? லென்ஸின் கணக்கையே பின்பற்றலாம். ஒரு பொருள் கேமராவிலிருந்து இருக்கும் தூரத்தில் ஆளின் தூரத்தைக் கழித்து, வருவதை அந்தப் பொருளின் தூரத்தால் வகுக்க வேண்டும். பெண் 2 மீட்டரில், சுவர் 5 மீட்டரில் என்றால் 0.6 வரும், 15 மீட்டரில் உள்ள தொட்டிக்கு ஏறக்குறைய 0.87, வெகுதூரத் தென்னைக்கு 1. கறுப்பு 0, வெள்ளை 255 என்ற அளவில் சுவருக்கு 150, தொட்டிக்கு 220, தென்னைக்கு 255 போதும். தரையில் மட்டும் பாதத்திலிருந்து சுவர் வரை நிறம் படிப்படியாக ஏறட்டும். சுவர் நிமிர்ந்து நிற்பது. அதன் அடியும் உச்சியும் ஒரே தூரம், ஆகவே ஒரே சாம்பல். மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் கிரேடியன்ட் போடுபவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள்.

இனி மாஸ்கின் ஓரம். இடுப்பில் ஊன்றிய கைக்கும் உடலுக்கும் நடுவே உள்ள முக்கோண இடைவெளியையும், ஜிமிக்கி கழுத்தருகே விடும் சின்ன இடைவெளியையும் மென்பொருள் பெரும்பாலும் ஆளோடு சேர்த்துவிடும். அங்கே சுவரின் ஒரு துண்டு மட்டும் தெளிவாக மாட்டிக்கொண்டிருக்கும். படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கித் தேடி, கையால் அழிக்க வேண்டும். புடவை ஓரம் கூர்மையாக இருக்கலாம். முடியின் ஓரம் அப்படி இருக்கக்கூடாது. Select and Mask-இல் Refine Edge தூரிகையை முடியோரம் மட்டும் ஓட்டுங்கள். பிரிந்து பறக்கும் ஒற்றை இழைகளைக் காப்பாற்ற மெனக்கெட வேண்டாம். அவை மங்கலோடு போனால் யாரும் தேட மாட்டார்கள், பாதியில் வெட்டுப்பட்டு நின்றால் எல்லோருக்கும் தெரியும்.

மங்கலின் அளவைக் கூட்டும்போது தொட்டி தொட்டிதான் என்று அடையாளம் தெரியும் இடத்தில் நிறுத்திக்கொள்வது என் வழக்கம். கடைசியாக, மங்கலில் பின்னணியின் பொடிப்புள்ளிகள் கரைந்து அது பிளாஸ்டிக் போல வழுவழுப்பாகியிருக்கும், முகத்தில் மட்டும் புள்ளிகள் மிஞ்சியிருக்கும். Lens Blur பெட்டியிலேயே உள்ள Noise-ஐ, Monochromatic என்பதைத் தேர்ந்து, முகத்தின் புள்ளிகளோடு ஒத்துப்போகும் வரை ஏற்றுங்கள்.