வங்கி வரவெல்லாம் விற்பனை அல்ல

ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்தக் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் நடப்புக் கணக்கில் தினமும் நூற்றுக்கும் மேற்பட்ட வரவு செலவுகள். ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்ய நேரமில்லை. வங்கி ஸ்டேட்மென்ட்டைக் கணக்கு மென்பொருளே ஏற்றிக்கொள்கிறது. விவரப் பகுதியில் இன்ன சொல் வந்தால் இன்ன தலைப்பில் பதிய வேண்டும் என்று விதி எழுதிவிட்டால், பதிவையும் அதுவே செய்துவிடும்.

கடைக்காரர் முதலில் எழுதும் விதி பெரும்பாலும் இப்படி இருக்கும்: ‘NEFT’ என்று வரும் வரவெல்லாம் விற்பனை.

ஆபத்து இதில்தான் இருக்கிறது. 1,05,000 ரூபாய்க்குப் பில் போட்ட அன்றே விற்பனை பதிவாகிவிட்டது. பணம் வரும்போது அந்தப் பில்லின் பாக்கியைத்தான் கழிக்க வேண்டும். விதியோ இன்னொரு விற்பனையை உண்டாக்குகிறது. வங்கி இருப்பு பைசா பிசகாமல் ஒத்துப்போவதால் யாருக்கும் சந்தேகம் வராது. பணம் கட்டிய வாடிக்கையாளர் பாக்கிப் பட்டியலில் இன்னும் நிற்பதும், ஏட்டு விற்பனை GSTR-1 கணக்கைத் தாண்டுவதும்தான் அடையாளம். ஆகவே வாடிக்கையாளர் வரவுக்கான விதி நிலுவைப் பில்லோடு பொருத்துவதோடு நிற்க வேண்டும். தானாகப் பதியும் உரிமையை வங்கிக் கட்டணம், வாடகை போன்றவற்றுக்குக் கொடுத்தால் போதும்.

கார்டு விற்பனைக்கு வேறு ஏற்பாடு தேவை. திங்களன்று ஸ்வைப் மெஷினில் 50,000 ரூபாய் விற்றால், அடுத்த நாள் வங்கியில் 49,115 ரூபாய்தான் வரும். கட்டணம் 1.5 சதவீதம் என்றால் 750 ரூபாய், அதன் மீது 18 சதவீத ஜிஎஸ்டி 135 ரூபாய் பிடித்தம். வந்த தொகையையே விற்பனையாகப் பதிந்தால் விற்பனையும் குறையும், வரி வரவும் மறைந்துபோகும். விற்ற அன்றே 50,000 ரூபாயை ‘கார்டு வரவேண்டியது’ என்ற தனிக் கணக்கில் வைப்பதே சரி. பணம் வந்ததும் விதி அதை வங்கி, கட்டணம், வரி என மூன்றாகப் பிரித்துக் கழிக்கும். அந்தக் கணக்கு பூஜ்யமானால் எல்லாம் வந்துசேர்ந்தது. சில நாள் கழித்தும் மீதி நின்றால், ஏதோ ஒரு தொகை வரவில்லை அல்லது வாடிக்கையாளருக்குத் திரும்பிப் போயிருக்கிறது.

ஏற்றுவதிலும் கவனம் வேண்டும். 1 முதல் 15 வரை ஒரு முறை, 10 முதல் 31 வரை மறுமுறை இறக்கினால் ஆறு நாள் இரட்டிப்பாகும். தேதியும் தொகையும் ஒன்றாக இருப்பதை நீக்கச் சொன்னாலோ, ஒரே நாளில் 500 ரூபாய் அனுப்பிய இருவரில் ஒருவர் காணாமல் போவார். யூபிஐ வரவின் 12 இலக்க எண்ணை வைத்துத்தான் இரட்டிப்பைப் பிரிக்க வேண்டும். கோப்பை எக்செலில் திறந்து சேமித்தால் அந்த எண்ணே 4.12E+11 என்று சுருங்கிவிடக்கூடும். வங்கியிலிருந்து இறக்கிய கோப்பைத் திறக்காமல் அப்படியே ஏற்றுவது நல்லது.