பீட்டா 1.24: அட்டவணை சொல்லாத விடை

எம்.பி.ஏ. நிதிப் பிரிவானாலும் சி.எஃப்.ஏ. முதல் நிலையானாலும், ரெக்ரஷன் கேள்வியில் பெரும்பாலும் கணக்கு ஏற்கெனவே முடிந்திருக்கும். கணினி தந்த அட்டவணையைப் பார்த்துப் பொருள் சொன்னால் போதும். மதிப்பெண் பறிபோவதும் அந்த இடத்தில்தான்.

ஒரு மாதிரிக் கேள்வியை எடுத்துக்கொள்வோம். ஒரு பங்கின் 60 மாத வருமானத்தைச் சந்தைக் குறியீட்டின் வருமானத்தோடு பொருத்திப் பார்த்திருக்கிறார்கள். பீட்டா 1.24, அதன் ஸ்டாண்டர்ட் எரர் 0.15, டி மதிப்பு 8.27. 'இந்தப் பங்கு சந்தையைவிட அதிகம் ஆடுகிறது என்று 5 சதவீத அளவில் சொல்லலாமா?'

8.27 என்ற எண்ணைப் பார்த்ததும் பலர் 'ஆம்' என்று எழுதிவிடுகிறார்கள். அந்த எண் வேறொரு கேள்விக்கான விடை. எந்த மென்பொருளும், நாம் வேறு எதுவும் கேட்காதவரை, பீட்டா பூஜ்யமா என்றுதான் சோதிக்கும். அதாவது, சந்தைக்கும் இந்தப் பங்குக்கும் சம்பந்தமே இல்லையா என்று பார்க்கிறது. சம்பந்தம் இருப்பது யாருக்கும் தெரிந்த விஷயம்தான். சந்தைக்கு ஈடாக ஆடும் பங்கின் பீட்டா 1. ஆகவே நம் கருதுகோள் 1-ஐ வைத்து அமைய வேண்டும்:

t = (1.24 − 1) / 0.15 = 1.60

'அதிகமா' என்று ஒரு பக்கம் மட்டுமே கேட்டிருப்பதால் ஒருமுனைச் சோதனை. 60 மாதத்தில் இரண்டைக் கழித்தால் 58. அதற்கான எல்லை மதிப்பு 1.67. நம்முடைய 1.60 அதைத் தொடவில்லை. எனவே கருதுகோளை நிராகரிக்க முடியாது.

நிராகரிக்க முடியவில்லை என்றால் 'பீட்டா 1 என்று நிரூபணமாகிவிட்டது' என்று எழுதக் கூடாது. நம் கையில் இருக்கும் சிறந்த மதிப்பீடு இன்னமும் 1.24-தான். அது தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்ற சந்தேகத்தைத் தீர்க்க இந்தத் தரவு போதவில்லை, அவ்வளவுதான். இங்கே பி மதிப்பு ஏறக்குறைய 0.06. இதைப் பார்த்து 'பீட்டா 1-ஐ விட அதிகமாக இருக்க 94 சதவீத வாய்ப்பு' என்று எழுதுபவர்களும் உண்டு. அதுவும் தவறு. உண்மையான பீட்டா 1-ஆகவே இருந்தாலும், இந்த அளவோ இதற்கு மேலோ மதிப்பீடு வர 6 சதவீத வாய்ப்பு இருக்கிறது என்பதே அதன் பொருள்.

அதே அட்டவணையில் ஆர் ஸ்கொயர் 0.54 என்று இருக்கும். பங்கின் ஏற்ற இறக்கத்தில் 54 சதவீதம் சந்தையோடு ஒட்டியது, மீதி அந்த நிறுவனத்துக்கே உரியது. பீட்டா பெரிதா சிறிதா என்பதற்கு அது பதிலாகாது.

தரவைக் கூட்டினால் தெளிவு வராதா? வரும். 240 மாதத் தரவு இருந்தால் ஸ்டாண்டர்ட் எரர் சுமார் பாதியாகும், அதே 1.24 அப்போது எல்லையைத் தாராளமாகத் தாண்டும். ஆனால் இருபது வருடத்துக்கு முன் அந்த நிறுவனத்தின் கடன் வேறு, தொழில் வேறு, பீட்டாவும் வேறாக இருந்திருக்கலாம். ஐந்து வருடத் தரவோடு பலரும் நிறுத்திக்கொள்வது அதனால்தான்.