ஹூவா, ஹூமா? தட்டா, விச்சா?

வேலைக்கோ விசாவுக்கோ வாங்கும் சான்றிதழ்களின் தலைப்பில் 'டு ஹூம்சோஎவர் இட் மே கன்சர்ன்' என்று அச்சாகியிருக்கும். அங்கே ஏன் 'ஹூ' வராமல் 'ஹூம்' வந்தது என்று கேட்டால், பல வருடம் ஆங்கிலம் படித்தவர்களும் தயங்குவார்கள். தயக்கம் நியாயமானதுதான். தமிழில் 'என்னை அழைத்தவர்', 'நான் அழைத்தவர்' என்று இரண்டு விதமாகச் சொன்னாலும் 'அழைத்தவர்' என்ற சொல் மாறுவதில்லை. ஆங்கிலத்திலோ முதலாவதற்கு ஹூ, இரண்டாவதற்கு ஹூம்.

இதற்கு எளிய சோதனை ஒன்று இருக்கிறது. ஹூவுக்குப் பின்னால் வரும் பகுதியை மட்டும் வெட்டியெடுத்துத் தனி வாக்கியமாக்குங்கள். அதில் காலியாக இருக்கும் இடத்தில் 'ஹீ' பொருந்தினால் ஹூ; 'ஹிம்' பொருந்தினால் ஹூம். 'த மேன் ___ கால்டு மீ' என்பதில் 'ஹீ கால்டு மீ' என்றுதான் சொல்வோம், ஆகவே ஹூ. 'த மேன் ___ ஐ கால்டு' என்பதில் 'ஐ கால்டு ஹிம்', ஆகவே ஹூம். ஹிம், ஹூம் இரண்டின் கடைசியிலும் இருக்கும் 'ம்' தற்செயலானது அல்ல. பழைய ஆங்கிலத்தில் அது நம் 'கு' உருபைப் போல நான்காம் வேற்றுமையைக் காட்டியது. பிறகு இரண்டாம் வேற்றுமையின் வேலையையும் அதுவே எடுத்துக்கொண்டது.

சான்றிதழ் தலைப்பை இப்போது சோதித்துப் பார்க்கலாம். 'இட் மே கன்சர்ன் ஹிம்'. ஹூம்தான் சரி. ஆனால் முன்னால் 'டு' இருப்பதால்தான் ஹூம் வந்தது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. 'கிவ் இட் டு ஹூஎவர் கம்ஸ் ஃபர்ஸ்ட்' என்பதிலும் 'டு' இருக்கிறது. ஆனால் வெட்டியெடுத்த பகுதி 'ஹீ கம்ஸ் ஃபர்ஸ்ட்'. முதலில் வருபவர்தான் அங்கே எழுவாய். ஹூமெவர் என்று எழுதினால் தவறு.

நன்றாக எழுதுகிறவர்களும் சறுக்கும் இடம் வேறொன்று. 'த கேண்டிடேட் ___ வி பிலீவ் இஸ் ஆனஸ்ட்'. 'வி பிலீவ்' என்பதைப் பார்த்ததும் கை தானாக ஹூம் எழுதிவிடும். வாக்கியத்தை முழுதாக்கிப் பாருங்கள்: 'வி பிலீவ் ஹீ இஸ் ஆனஸ்ட்'. 'ஹிம் இஸ்' என்று யாரும் சொல்வதில்லை. ஆகவே ஹூ. 'வி பிலீவ்', 'ஐ திங்க்', 'தே சே' போன்றவை நடுவில் வந்தால் அவற்றைக் கண்ணால் தாண்டிவிட்டுச் சோதிப்பது நல்லது.

பேச்சில் இந்த விதி தளர்ந்துவிட்டது. 'ஹூ டிட் யூ சீ?' என்றுதான் ஆங்கிலேயரே கேட்கிறார்கள். அங்கே ஹூம் போட்டால் விறைப்பாக ஒலிக்கும். டு, ஃபார், வித் போன்றவற்றை அடுத்து நேராக வரும்போது மட்டும் ஹூம் இன்னும் அசையாமல் நிற்கிறது.

தட், விச் விஷயத்தில் குழப்பம் வேறு வகை. அலுவலகத்தில் மழைநீர் புகுந்துவிட்டது. 200 கோப்புகளில் 30 நனைந்தன. நனைந்தவற்றை மட்டும் எறிந்தார்கள் என்றால், 'த ஃபைல்ஸ் தட் காட் வெட் வேர் த்ரோன் அவே'. இதையே 'த ஃபைல்ஸ், விச் காட் வெட், வேர் த்ரோன் அவே' என்று கமாக்களோடு எழுதினால், எல்லாக் கோப்புகளும் நனைந்தன, எல்லாம் குப்பைக்குப் போயின என்று பொருள். தமிழில் 'நனைந்த கோப்புகள் எறியப்பட்டன' என்பது இரண்டுக்கும் இடம் கொடுக்கும். அதனால்தான் ஆங்கிலத்தில் எழுதும்போது இந்த வேறுபாடு நம் கவனத்திலிருந்து நழுவுகிறது.

இங்கே சோதனை, அந்தப் பகுதியை அடித்துவிட்டு மீதியைப் படிப்பது. 'கோப்புகள் எறியப்பட்டன' என்பது இப்போது உண்மையா? 170 கோப்புகள் பத்திரமாக இருக்கின்றனவே! உண்மை கெடுகிறது என்றால் தட், கமா வேண்டாம். கெடவில்லை என்றால் விச், முன்னும் பின்னும் கமா. இரண்டாவது கமாவை மறப்பவர்களே அதிகம்.

கமா இல்லாத இடத்தில் விச் எழுதினால் குற்றமா? 1926-இல் வெளியான தன் ஆங்கில வழக்கு அகராதியில் ஹென்றி ஃபௌலர்தான் இந்தப் பங்கீட்டை வலியுறுத்தினார். பெரும்பாலான எழுத்தாளர்கள் அதைக் கடைப்பிடிக்கவில்லை என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார். அமெரிக்கப் பதிப்பாசிரியர்கள் அதைக் கண்டிப்பான விதியாக்கினார்கள். பிரிட்டனிலும் இந்தியாவிலும் அங்கே விச் வருவது இயல்பு. ஆகவே பொருளைத் தீர்மானிப்பது சொல்லைவிடக் கமாதான். 'இன் விச்' போன்ற இடங்களில் தட் எப்போதும் வராது. கமாவுக்குப் பின்னால் விச்சுக்குப் பதிலாகத் தட் எழுதுவதும் பிழை. 'த காவேரி, விச் ரைசஸ் இன் குடகு' என்று கமாவோடுதான் எழுத வேண்டும். கமாவை எடுத்துத் தட் போட்டால், குடகில் பிறக்காத இன்னொரு காவிரியும் இருப்பதாக ஆகிவிடும்.