பாட்டி சொன்னாளா, சொன்னாரா, சொன்னார்களா?

இன்னைக்கு ஒரே ஒரு கோடிட்ட இடத்தைப் பத்திப் பேசப் போறோம்.

போன வாரம் அக்கா பொண்ணு தமிழ்ப் பரீட்சைத் தாளோட வந்து நின்னா. நாலாம் வகுப்பு. கேள்வி இதுதான்: "நேற்று பாட்டி எங்களுக்குக் கதை ______. (சொல்)". இவ எழுதினது "சொன்னார்கள்". சிவப்பு மையில தப்புனு போட்டு, பக்கத்துல "சொன்னாள்"னு திருத்தியிருந்தாங்க. "சித்தி, பாட்டியை அவள்னு சொன்னா அம்மா அடிக்க மாட்டாங்களா?"னு கேட்டா. எனக்குப் பதில் வரல. ஏன்னா அந்தக் கேள்வி நியாயமானது.

முதல்ல வழக்கமான வழியைப் பார்ப்போம். எழுவாயை எடுத்துட்டு அந்த இடத்துல ஒரு பிரதிப்பெயரை வைங்க. அதோட கடைசிச் சத்தமே பெரும்பாலும் வினைமுற்றுக்கு விடை சொல்லிடும். அவன் என்றால் சொன்னான், அவள் என்றால் சொன்னாள், அவர் என்றால் சொன்னார், அவர்கள் என்றால் சொன்னார்கள். "முதல்வர் மாணவர்களுக்குப் பரிசு ______" மாதிரி வாக்கியத்துல கோட்டுக்குப் பக்கத்துல இருக்கிற "மாணவர்களுக்கு" நம்மைக் குழப்பும். ஆனா பரிசு வழங்கினது யாரு? அவர். அதனால "வழங்கினார்".

இப்போ பாட்டிக்கு வருவோம். பாட்டி என்ற சொல்லே அவளா, அவரான்னு சொல்லாது. ஒருத்தர், பெண், அவ்வளவுதான் தெரியும். மரியாதை தர்றதா வேண்டாமாங்கிறதை எழுதறவங்கதான் முடிவு பண்றாங்க. அதனால "சொன்னாள்", "சொன்னார்" ரெண்டுமே இலக்கணப்படி சரி. ஒண்ணை மட்டும் சரின்னு சொல்ற விடைத்தாள், கேள்வியில இல்லாத ஒரு தகவலைக் குழந்தைகிட்ட எதிர்பார்க்குது.

சரி, "சொன்னார்கள்" எங்கேருந்து வந்தது? நம்ம பேச்சுலேருந்து. சென்னையில நாம தாத்தாவை "வந்தாரு"ன்னும் சொல்வோம், "வந்தாங்க"ன்னும் சொல்வோம். ஆனா பாட்டியை "வந்தாரு"ன்னு சொல்றதில்லை, "வந்தாங்க"தான். அதே "வந்தாங்க"தான் பத்துப் பேர் வந்தாலும். அந்த -ஆங்க எழுத்துல -ஆர்கள். குழந்தை பேச்சை நேரா எழுத்துக்கு மாத்தியிருக்கா. எழுத்துத் தமிழ்லயோ, ஒருத்தருக்கு மரியாதைன்னா ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவா -ஆர்.

இதுல ஒரு வேடிக்கை உண்டு. இந்த -ஆரே ஒரு காலத்துல பன்மைதான். நன்னூல் அதைப் பலர்பால் விகுதிகள்ல ஒண்ணாத்தான் வைக்குது. பன்மையை ஒருத்தருக்கு மரியாதையாப் பயன்படுத்திப் பயன்படுத்தி, அது ஒருத்தருக்கே உரியதாயிடுச்சு. அப்புறம் பலரைக் காட்ட அதன் மேல -கள் சேர்ந்தது. இப்போ அந்த -ஆர்கள்-உம் அதே பாதையில போகுது. "தலைவர் அவர்கள் வந்தார்கள்"னு மேடையில கேட்டிருப்பீங்க. அதனால குழந்தை எழுதினதைச் சுத்தமா தப்புன்னு சொல்ல முடியாது. பாடப்புத்தக நடையில "சொன்னார்" பொருத்தம், அவ்வளவே. "பாட்டி சொன்னனர்"னு எழுதியிருந்தா மட்டும்தான் நிஜமாவே தப்பு. ஏன்னா -அனர் இன்னைக்கும் பலருக்கு மட்டுந்தான்.

பேச்சு நம்மைக் கவுக்கிற இன்னொரு இடம் அஃறிணை. "மாடுங்க வந்துச்சு"ன்னு பேசுவோம். மாடு ஒண்ணா, பத்தாங்கிறது வினையில தெரியாது. எழுத்துல "மாடுகள் வந்தன", "மாடுகள் வருகின்றன". "மாடுகள் வந்தது"ன்னு பெரியவங்களே எழுதறோம். ஆனா எதிர்காலத்துல கவலை வேண்டாம்: மாடு வரும், மாடுகள் வரும். இங்கே மட்டும் பிரதிப்பெயர் சோதனை உதவாது.

கேள்வித்தாள் தயாரிக்கிறவங்க யாராவது கேட்டுட்டிருந்தா, ஒரு சின்ன மாற்றம் போதும். வாக்கியத்துலயே தடயம் வைங்க: "பாட்டி தம் ஊரைப் பற்றிக் கதை ______". "தம்" மரியாதையைக் காட்டிடுது, விடை "சொன்னார்". "தன்"னு போட்டா "சொன்னாள்". இல்லைன்னா ரெண்டு விடைக்கும் மார்க் போடுங்க.

அக்கா பொண்ணுகிட்ட கடைசியா இதைத்தான் சொன்னேன்: "நீ பாட்டிக்கு மரியாதை குடுத்தது தப்பில்லைடா, கொஞ்சம் கூடப் போயிடுச்சு." அவ யோசிச்சுட்டு, தாள்ல "சொன்னாள்"ஐ அடிச்சுட்டு "சொன்னார்"னு எழுதினா. நாளைக்கு அதை டீச்சர்கிட்ட காட்டப் போறாளாம்.