வெள்ள அறிவிப்பை நம்ம தெருவுக்கு எழுதுவது எப்படி?



ஐப்பசி, கார்த்திகை வந்தாலே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் ஒரு அறிவிப்பு வந்துவிடும். ஏரியில் தண்ணீர் திறக்கப் போகிறார்கள் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்வார்கள், டி.வி.யில் ஓடும், செல்போனிலும் வரும். கேட்டு முடித்ததும் பக்கத்து வீட்டு அக்கா கேட்பார்: "சரி, இப்ப நாம என்ன பண்ணணும்?" அறிவிப்பு முழுக்கக் கேட்ட பிறகும் இந்தக் கேள்வி வருகிறது என்றால், அது எழுதப்பட்ட வரிசையில்தான் கோளாறு.

ஒரு உண்மையான நாளை எடுத்துக்கொள்வோம். 2020 நவம்பர் 25, நிவர் புயல் வந்த நாள். செம்பரம்பாக்கம் ஏரியில் தண்ணீர் 22 அடியை எட்டியது. பகல் 12 மணிக்கு வினாடிக்கு 1,000 கன அடி திறந்தார்கள். 2015-க்குப் பிறகு அந்த மதகு திறந்தது அன்றுதான்.

இதுபோன்ற நாளில் வரும் அறிவிப்பு எந்த வரிசையில் போகும் தெரியுமா? முதலில் ஏரியின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. பிறகு இன்றைய நீர்மட்டம், நீர்வரத்து. பிறகு எத்தனை மணிக்கு எவ்வளவு திறப்பு. அதற்குப் பிறகு சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், வழுதியம்பேடு, திருநீர்மலை என்று ஊர்ப் பெயர்கள். கடைசி வரியில்தான் தாழ்வான பகுதி மக்கள் பாதுகாப்பான இடத்துக்குப் போக வேண்டும் என்று வரும். அதிகாரிகளுக்குள் தகவல் சொல்ல இந்த வரிசை சரிதான். வீட்டில் இருக்கும் நமக்கு இது தலைகீழ். மைக் வண்டி நம்ம தெருவைத் தாண்டும் நேரத்தில் காதில் விழுவது முதல் இரண்டு வரிதான், அதில் இருப்பதோ மில்லியன் கன அடி.

அதனால் குழுவில் திருப்பி எழுதும்போது முதல் வரி "இது யாருக்கு?" என்பதாக இருக்கட்டும். இதில்தான் நம்ம பக்கம் அதிகம் குழம்புகிறது. செம்பரம்பாக்கம் பூந்தமல்லிக்குப் பக்கத்தில் இருந்தாலும், அதன் உபரி நீர் குன்றத்தூர் வழியாக அடையாற்றுக்குப் போகிறது. பூந்தமல்லி, திருவேற்காடு பக்கம் பார்க்க வேண்டியது கூவம் ஆற்றை. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் அந்த நீர் கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து ரெட்டேரிக்கும் போகும். ஆகவே கொரட்டூரில் ஏரியோரம் இருப்பவர், செம்பரம்பாக்கம் திறந்தார்கள் என்று பதறிவிட்டு, அம்பத்தூர் ஏரி கலங்கல் வழிவதைக் கவனிக்காமல் விட்டால் ஆபத்து. எந்த நீர்நிலை, எந்தத் தெரு என்பது முதல் வரியிலேயே வர வேண்டும்.

இரண்டாவது வரி நேரம். மதகு திறக்கும் நேரத்தை எழுதினால் போதாது, நாம் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டிய நேரத்தை எழுதணும். 12 மணிக்குத் திறப்பு என்றால் "11 மணிக்குள் கிளம்பவும்". அளவு கூடலாம் என்பதையும் சேர்க்கணும். அன்று 1,000 கன அடியில் தொடங்கியது இரவுக்குள் 9,000-ஐத் தொட்டது. ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர். 1,000 கன அடி என்றால் ஒவ்வொரு வினாடியும் 12,000 லிட்டர் தண்ணி லாரி இரண்டுக்கு மேல் கொட்டுகிற மாதிரி. 2015 டிசம்பர் 1-ல் திறந்தது 29,000 வரை போனது. இந்தக் கணக்கு கூட்டத்தில் பேசத்தான், அறிவிப்பில் முதலில் வைக்க அல்ல.

அடுத்து, செய்ய வேண்டிய வேலைகள். இங்கேதான் வரிசை உயிரைக் காக்கும். சாதாரணமாக நோட்டீஸில் "மெயின் சுவிட்சை அணைக்கவும்" என்று போட்டு, இரண்டு வரி தள்ளி "ஈரக் கையால் மின்சாதனங்களைத் தொடாதீர்" என்று போடுவார்கள். படிப்பவர் முதல் வரியைப் படித்ததுமே சுவிட்சுப் பலகைக்குப் போய்விடுவாரே! எச்சரிக்கை எப்போதும் செயலுக்கு முன்னால் வரணும்.

இன்னொன்று, பொருள் எடுத்து வைக்க வெளிச்சம் வேண்டும். ஆகவே வீடு காய்ந்திருக்கும் வரை மெயின் சுவிட்சு கடைசி வேலை. தண்ணீர் வாசற்படிக்கு வந்துவிட்டால் அதுவே முதல் வேலை. தண்ணீர் உள்ளே நுழைந்துவிட்டால் அதைத் தொடவே கூடாது.

அன்றைய அறிவிப்பை அடையாற்றங்கரைத் தெரு ஒன்றுக்கு இப்படி எழுதலாம்:

நவம்பர் 25, காலை 9 மணி. அடையாற்றங்கரைத் தெருவில், தாழ்வான வீடுகளில் இருப்பவர்களுக்கு.
காலை 11 மணிக்குள் ______ பள்ளிக்குப் போகவும். 12 மணிக்கு ஏரி திறக்கிறார்கள். அளவு இன்னும் கூடலாம்.
1. முதியோர், கர்ப்பிணி, கைக்குழந்தையை ஒருவர் துணையோடு இப்போதே அனுப்பவும்.
2. ஆடு மாடுகளை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டவும்.
3. ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புக், மருந்து, குழுவின் நோட்டுகள் எல்லாம் பிளாஸ்டிக் பையில்.
4. கேஸ் ரெகுலேட்டரை மூடவும்.
5. வீட்டுக்குள் தண்ணீர் இருந்தாலோ, கையோ காலோ ஈரமாக இருந்தாலோ மெயின் சுவிட்சைத் தொடாதீர்கள். காய்ந்திருந்தால் மட்டும் அணைத்துவிட்டுக் கிளம்பவும். தண்ணீர் வாசற்படிக்கு வந்துவிட்டால் இதையே முதலில் செய்யவும்.
6. ஓடும் தண்ணீரில் இறங்காதீர்கள். வழி மூடியிருந்தால் மாடிக்குப் போய் 112-க்கு அழைக்கவும்.
ஏரி விவரம்: செம்பரம்பாக்கம், நீர்மட்டம் 22 அடி, திறப்பு 1,000 கன அடி.

ஏரி விவரத்தைத் தூக்கி எறியவில்லை, கீழே வைத்திருக்கிறோம். ஊர்ப் பெயர், நேரம், அளவு இவற்றை அதிகாரிகள் கொடுத்தபடியே எழுதணும், நாமாகக் கூட்டிக் குறைக்கக் கூடாது. மேலே நாள், நேரம் போடுவது கட்டாயம். இல்லாவிட்டால் போன வருஷத்து அறிவிப்பே வாட்ஸ்அப்பில் சுற்றி வந்து வீண் பீதி கிளப்பும்.

கோடு போட்ட அந்த இடத்தைப் பாருங்கள். "பாதுகாப்பான இடம்" என்று மட்டும் எழுதினால் மக்கள் வாசலில் நின்று யோசிப்பார்கள். எந்தப் பள்ளி, எந்த மண்டபம், சாவி யாரிடம் என்பதை வி.ஏ.ஓ.விடமோ கவுன்சிலரிடமோ புரட்டாசியிலேயே கேட்டு எழுதி வைக்கணும். மழை கொட்டும்போது கேட்டால் போன் கிடைக்காது.

எழுதியது சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. அதை முன்பு பார்க்காத ஒரு உறுப்பினரிடம் ஒரே முறை சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். பிறகு தாளை மறைத்துவிட்டு மூன்றே கேள்வி: இது உங்க வீட்டுக்கா? எத்தனை மணிக்குள் எங்கே போகணும்? எதைத் தொடக்கூடாது? தடுமாறினால் வரியைத்தான் திருத்தணும், அவரைக் குறை சொல்லக் கூடாது. கோயில் மைக்கிலோ பள்ளிவாசல் மைக்கிலோ சொல்வதானால் தெருப் பெயரை இரண்டு முறை சொல்லுங்கள். முதல் தடவை கூப்பிடும்போது பாதிப் பேர் அப்போதுதான் டி.வி. சத்தத்தைக் குறைத்திருப்பார்கள்.